எண்பத்தொன்பதாம் பக்கத்தின் அடியில்

"அந்த விரல் இல்லாம ஒரு படம் வேணும்மா," என்றார் ஆய்விதழின் ஆசிரியர்.

விரிவுரையாளருக்குச் சட்டென்று புரியவில்லை. ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் பாதி திருத்திய விடைத்தாள். "எந்த விரல் சார்?"

"உங்க கட்டுரையில முழுப் பக்கப் படமா போடுறோமே, எண்பத்தொன்பதாம் பக்கம். அதுல கீழே ஒரு கட்டைவிரல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கு. அதுவும் சிவப்பு நகச்சாயத்தோட. சான்றுன்னு போடுற படத்துல நகச்சாயம் இருந்தா படிக்கிறவன் விரலைத்தான் பார்ப்பான். நாளைக்குள்ள அனுப்பிடுங்க, பக்கம் கட்டியாச்சு."

வைத்துவிட்டார். அவர் அப்படித்தான். வணக்கமும் கிடையாது, வரட்டுமா என்பதும் கிடையாது. ஆனால் அவருடைய இதழில் ஒரு கட்டுரை வருவது என்பது துறையில் சாதாரண விஷயம் இல்லை. சக ஆசிரியர்கள் வாழ்த்துச் சொல்லும்போதே வயிறு எரிவது கண்ணில் தெரியும். விரிவுரையாளருக்கு அது முதல் தடவை. பதினோரு வருடமாக மற்றவர்களின் கட்டுரைகளுக்கு உதவி செய்து, மற்றவர்களின் கருத்தரங்குகளுக்கு நாற்காலி போட்டு, கடைசியில் அவளே தேடி, அவளே கண்டுபிடித்து, அவளே எழுதிய ஒன்று.

கண்டுபிடித்தது இன்னொருவரின் குட்டு என்பதுதான் அதில் கொஞ்சம் உறுத்தல்.

விஷயம் இதுதான். அதே துறையில் முன்பு ஒரு பேராசிரியர் இருந்தார். எல்லோரும் அவரைப் 'பாலம் சார்' என்பார்கள். ஊருக்கு நடுவே ஓடும் ஆற்றின் நீர்மட்டத்தை, பழைய பாலத்தின் தூணில் கோடு போட்டு, ஏழு வருடம் நாள் தவறாமல் அளந்து ஒரு புத்தகம் எழுதியவர். புத்தகம் சின்னது, அச்சிட்ட பிரதிகளும் கொஞ்சம்தான். அவர் கையிலேயே ஒன்றும் மிஞ்சவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தே தீர்த்துவிட்டார். எஞ்சியிருந்த ஒரே பிரதி தொலைவில் வேறோர் ஊர் நூலகத்தில் இருந்தது. வெளியே தரமாட்டார்கள். வேண்டுமானால் அங்கேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஊரில்தான் விரிவுரையாளரின் நாத்தனாருக்கு வங்கி வேலை. ஒரு விடுமுறை நாளில் போய், முக்கியமான இருபது முப்பது பக்கங்களைக் கைபேசியில் எடுத்து அனுப்பிவைத்தாள். நகச்சாயம் அவளுடையதுதான்.

அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து விரிவுரையாளர் தட்டச்சு செய்தாள். எண்பத்தொன்பதாம் பக்கத்துக்கு வந்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பக்கத்தின் நடுவில் புகழ்பெற்ற அந்த அட்டவணை. அதற்கு முன்னால், 'பாலத்தடியில் ஆற்றின் அன்றாட நீர்மட்டம் கீழே தரப்படுகிறது' என்று ஒரு வாக்கியம், அதன் கடைசிச் சொல்லின் தலைக்கு மேல் பொடியாக ¹. கொஞ்சம் கீழே, 'அணை அலுவலகமும் இதே காலத்துக்கு அளவுகள் வெளியிட்டுள்ளது' என்பதன் தலையில் ². 'இரண்டுக்கும் வேறுபாடு மிகுதி' என்பதன் தலையில் ³. அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அடியில் பொடி எழுத்தில் மூன்று குறிப்புகள். முதல் குறிப்பு இப்படி இருந்தது:

'நேரில் எடுத்த அளவுகள் அல்ல, மதிப்பிட்டு எழுதியவை.'

ஏழு வருடம் பாலத்தில் நின்றதாகப் பெயர் வாங்கிய மனிதர், பொடி எழுத்தில், பக்கத்தின் அடியில், தானே ஒப்புக்கொண்டிருக்கிறார்! அடிக்குறிப்பை யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம். இத்தனை வருடமாக யாரும் படிக்கவும் இல்லை. விரிவுரையாளர் படித்தாள்.

இரண்டாவது குறிப்பு, 'நாள்தோறும் காலையில் பாலத்தின் மூன்றாம் தூணில் நேரில் பார்த்துக் குறித்தவை.' அப்படியென்றால் உண்மையில் ஆற்றங்கரையில் நின்றவர்கள் அணை அலுவலகத்து ஊழியர்கள். மூன்றாவது, 'ஆண்டறிக்கைகளில் காண்க. சில மாதங்கள் விடுபட்டுள்ளன.' அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

துறைக் கூட்டத்தில் அவள் இதைக் கட்டுரையோடு வாசித்துக் காட்டினாள். பிறகு துறைத்தலைவர் கனைத்துக்கொண்டு, "இனி பாலம் சார் இல்லை, மதிப்பீடு சார்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அந்தப் பெயர் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டது. பாலம் சாரின் புத்தகத்தைத் துறையே மறுபதிப்பு செய்வதாக ஒரு யோசனை இருந்தது, அதையும் ஓசைப்படாமல் ஓரங்கட்டினார்கள்.

கட்டுரையை அனுப்பும் முன் மரியாதைக்காக அவருக்கு ஒரு தடவை அவள் தொலைபேசியில் பேசியதும் உண்டு. குறிப்பைப் படித்துக் காட்டினாள்.

"அப்படியாம்மா எழுதியிருக்கேன்?"

"ஆமா சார். எண்பத்தொன்பதாம் பக்கம், முதல் குறிப்பு."

"நானே எழுதியிருந்தா அப்புறம் நான் சொல்ல என்ன இருக்கு? சரிதான்."

இதைவிட ஒரு ஒப்புதல் வேண்டுமா? கட்டுரையின் கடைசிப் பத்தியில் 'நூலாசிரியரும் இதை மறுக்கவில்லை' என்று ஒரு வரி சேர்த்தாள். சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

இன்று இதழாசிரியர் தொலைபேசியை வைத்ததும் அவள் நாத்தனாரை அழைத்தாள்.

"அக்கா, அந்த எண்பத்தொன்பதாம் பக்கத்தை மறுபடி ஒரு படம் எடுத்துத் தரணும். விரல் இல்லாம."

"ஏன், என் விரலுக்கு என்ன குறைச்சல்?"

"விரலுக்கு ஒண்ணும் இல்லைக்கா. இதழ்க்காரர் நகச்சாயம் வேண்டாம்கறார்."

"அந்தப் புத்தகம் என்ன லேசுப்பட்டதா! விட்டா எலிப்பொறி மாதிரி மூடிக்குது. ஒத்தக் கையில அமுக்கிக்கிட்டு மறு கையில படம் எடுத்தவளுக்குத்தான் கஷ்டம் தெரியும். உன் இதழ்க்காரரை வந்து பிடிக்கச் சொல்லு." திட்டிக்கொண்டே ஒத்துக்கொண்டாள். அவள் எப்போதும் அப்படித்தான், முதலில் திட்டு, பிறகு வேலை.

மறுநாள் மதியம் துறையின் ஓய்வறையில் விரிவுரையாளர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போது படம் வந்தது. கூடவே நாத்தனாரின் குரலும்: "இந்தா, விரல் இல்லாத படம். நூலக உதவியாளர் பாவம், ரெண்டு பக்கமும் பிடிச்சு விரிச்சுக் காட்டினார். நடுவுல ஒரு கண்ணாடித் தகடு வெச்சு அமுக்கினோம். அழகா வந்திருக்கு பாரு. இதுக்கு மேல யாராவது ஏதாவது சொன்னா நீயே வந்து எடுத்துக்கோ."

படம் உண்மையிலேயே அழகாக வந்திருந்தது. முன்பு புத்தகத்தின் மடிப்புக்குள் வளைந்து நிழலில் போயிருந்த இடது ஓரம் முழுக்க இப்போது தட்டையாக, வெளிச்சமாக இருந்தது. கீழே விரல் இருந்த இடமும் தெரிந்தது. அங்கே ஒரு வரி இருந்தது.

'வேறுபாட்டின் காரணம் அடுத்த இயலில்.'

குட்டியான வரி. ஒரு கட்டைவிரலுக்குச் சரியாக அடங்கும் வரி. அவள் கையில் எடுத்த சோற்றை மறுபடி பாத்திரத்தில் வைத்தாள். கோட்டுக்கு அடியில் மூன்று குறிப்புகள் அல்லவா இருந்தன? இப்போது நான்கு இருக்கின்றன. மேலே வாசகத்தில் எண்கள் என்னவோ மூன்றுதான். மூன்று எண்களுக்கு நான்கு குறிப்பு எப்படி?

படத்தைப் பெரிதாக்கினாள். இடது ஓரத்தில், முன்பு இருட்டுக்குள் மறைந்திருந்த இடத்தில், குறிப்புகளின் எண்கள் இப்போது பளிச்சென்று நின்றன. 'வேறுபாட்டின் காரணம்' என்பதற்கு முன்னால் 3. 'ஆண்டறிக்கைகளில் காண்க' என்பதற்கு 2. 'நாள்தோறும் காலையில் பாலத்தின் மூன்றாம் தூணில்' என்பதற்கு 1.

'நேரில் எடுத்த அளவுகள் அல்ல' என்பதற்கு எண்ணே இல்லை.

எண் இல்லாத குறிப்பு என்றால் என்ன என்பது அவளுக்குத் தெரியாதது இல்லை. முதலாண்டு மாணவர்களுக்கே அவள் பாடம் எடுத்திருக்கிறாள். ஒரு பக்கத்தின் அடிக்குறிப்பு அந்தப் பக்கத்தில் அடங்காமல் போனால், மீதி அடுத்த பக்கத்தின் அடியில், எண் இல்லாமல், எல்லாக் குறிப்புகளுக்கும் முன்னால் வந்து நிற்கும். அது முந்தின பக்கத்தின் வால். அந்தப் பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எண்பத்தெட்டாம் பக்கத்தின் பழைய படத்தை எடுத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் எண்கள் ஒன்றிலிருந்து தொடங்கும் புத்தகம் அது. அங்கே கடைசி எண் ⁴, 'அணை அலுவலகத்தின் முந்தைய அளவுகள்' என்ற சொற்களின் தலையில் இருந்தது. அடியில் குறிப்பு 4: 'அலுவலகத்தின் பழைய பதிவுகளில் உள்ளவை.' முற்றுப்புள்ளி. அந்தப் பாழாய்ப்போன முற்றுப்புள்ளி. வாக்கியம் பாதியில் நின்றிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். ஒரு வாக்கியம் சரியாகப் பக்கத்தோடு முடிந்து, அடுத்த வாக்கியம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. 'அலுவலகத்தின் பழைய பதிவுகளில் உள்ளவை. நேரில் எடுத்த அளவுகள் அல்ல, மதிப்பிட்டு எழுதியவை.' சேர்த்துப் படித்தால் குழந்தைக்கும் புரியும். மதிப்பிட்டு எழுதியது அணை அலுவலகம். அதனால்தான் பாலம் சார் தானே போய் அளந்திருக்கிறார்.

யார் எடுத்த அளவு, யார் மதிப்பிட்டது என்று அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. நம் மொழியில் எழுவாய் இல்லாமலே எதையும் சொல்லிவிடலாம், கேட்பவன் தனக்குத் தோன்றிய ஆளை அதில் உட்கார வைத்துக்கொள்வான். அவள் பாலம் சாரை உட்கார வைத்தாள். தட்டச்சு செய்தபோது கணினியின் அடிக்குறிப்பு வசதியைப் பயன்படுத்தினாள். அது தானாகவே 1, 2, 3 என்று எண் போட்டுக் கொடுத்தது. அதற்கென்ன தெரியும்? கொடுத்த வரிசையில் போட்டது. மூன்று எண்ணுக்கு மூன்று குறிப்பு, கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியதால் அவள் மறுபடி பார்க்கவே இல்லை.

இதுவரை நடந்தது தெரியாமல் நடந்தது. இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது.

ஓய்வறையில் வேறு யாரும் இல்லை. அவள் படத்தைத் திருத்தும் செயலியைத் திறந்தாள். இடது ஓரத்திலிருந்து கொஞ்சம், கீழிருந்து கொஞ்சம் வெட்டினாள். எண்கள் போய்விட்டன. நான்காவது வரியும் போய்விட்டது. விரல் இல்லாத, நிழல் இல்லாத, பளிச்சென்ற எண்பத்தொன்பதாம் பக்கம், அவளுடைய கட்டுரை சொல்கிறபடியே. ஆசிரியருக்குச் சந்தேகம் வராது. நாத்தனாருக்கு நீர்மட்டமும் தெரியாது, அடிக்குறிப்பும் தெரியாது. பாலம் சாரோ சரிதான் என்று சொல்லிவிட்டார். அவருக்கே புகார் இல்லை என்றால் யாருக்கு என்ன வந்தது?

மின்னஞ்சலில் படத்தை இணைத்தாள். அனுப்பவில்லை.

தடுத்தது மனசாட்சி என்று சொல்ல, கதை சொல்லும் எனக்கும் ஆசைதான். முதலில் வந்தது பயம். நூலகத்தில் புத்தகம் இருக்கிறது, என்றைக்காவது ஒருவன் போய்ப் பிரித்தால் மானம் கப்பலேறும். ஆனால் அந்தப் பயத்தையும் அவள் சமாளித்திருப்பாள். இத்தனை வருடமாகப் பிரிக்காதவன் இனியா பிரிக்கப்போகிறான்? அவளை நிறுத்தியது அவளுடைய கட்டுரையிலேயே இருந்த ஒரு வாக்கியம். அச்சுக்கு முன் சரிபார்க்க இதழிலிருந்து வந்த மெய்ப்புத் தாள் மேசையில்தான் கிடந்தது. 'மழையிலும் பனியிலும் மூன்றாம் தூணின் கீழே நின்று, தங்கள் பெயரைக்கூட விட்டுச்செல்லாமல் அளந்து குறித்த அந்த ஊழியர்களுக்கே இந்த ஆற்றைப் பற்றிய நம் அறிவு கடன்பட்டுள்ளது.' கூட்டத்தில் இந்த வரிக்குத்தான் கைதட்டினார்கள். எழுதும்போது அவளுக்கே கண் கலங்கியது. கட்டுரை முழுவதிலும் அவளுக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

அந்த ஊழியர்கள் ஒருவரும் இல்லை. ஒரே ஒரு ஆள்தான் நின்றிருக்கிறார். அவருடைய உழைப்புக்கு அழுதுகொண்டே அவரைத்தான் பொய்யர் என்று எழுதியிருக்கிறாள். நினைத்ததும் அவளுக்கு வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. வெட்டிய படத்தை அழித்தாள். ஆசிரியரை அழைத்தாள்.

"சார், கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கறேன்."

"என்னம்மா விளையாடறீங்களா? ஒரு விரலுக்காகவா?"

சொன்னாள். தலையில் எண், அடியில் வால், மடிப்பில் நிழல், எல்லாவற்றையும் சொன்னாள்.

"முந்தின பக்கத்து மிச்சமா?" என்றார் கடைசியில்.

"ஆமா சார்."

"கொடுமை. எட்டு பக்கம் ஓட்டை விழுது எனக்கு. நானும்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். விரலைப் பார்த்தேன், விரலுக்குக் கீழே என்னன்னு கேக்கலை பாருங்க. சரி, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி சொன்னீங்க. அந்த மனுஷர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை சார்."

"அப்ப என்கிட்ட என்ன பேச்சு? கிளம்புங்க." வைத்துவிட்டார்.

சாயங்காலம் அவள் பாலம் சாரின் வீட்டுக்குப் போனாள். இரண்டு பக்கங்களையும் துறையிலேயே அச்செடுத்து உறையில் வைத்திருந்தாள். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அவர் மனைவி. பெயரைச் சொன்னதும் அந்த அம்மாளின் முகம் மாறியது.

"ஓ, நீதானா அது?"

"சாரைப் பார்க்கணும்மா."

"பாரு, பாரு. இன்னும் என்ன மிச்சம் இருக்கு பார்க்க? உள்ளதான் இருக்கார். இப்பெல்லாம் எங்கயும் போறதில்லை." வழியை விடாமலே பேசினாள். "நீ பேசின நாள்லேர்ந்து அந்த மனுஷர் என்ன பண்றார் தெரியுமா? எங்கிட்ட வந்து வந்து, 'நான் தினமும் காலையில பாலத்துக்குப் போனேனா'ங்கறார். போனீங்கங்கறேன். நம்பமாட்டேங்கறார். நனைஞ்ச செருப்பைக் காயவெச்சது நானு! சளி பிடிச்சப்ப கஷாயம் வெச்சுக் கொடுத்தது நானு! அச்சுல வேற மாதிரி இருக்கே, நீ பாசத்துல சொல்றேங்கறார். எனக்கென்ன பாசம்? கோபம்தான் வருது."

விரிவுரையாளர் கையிலிருந்த உறையைப் பார்த்தாள். அவர் மறுக்கவில்லை என்று எழுதியிருந்தாளே, அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை. அவள் சொன்னதை நம்பியிருக்கிறார். தன் ஞாபகத்தை விட்டுவிட்டு அவளை நம்பியிருக்கிறார்.

பாலம் சார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். கோபம் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"வாம்மா, உட்காரு. கட்டுரை வந்துடுச்சா?"

"வரலை சார். வராது. நான் தப்பாப் படிச்சுட்டேன்."

மேசையில் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தாள். மன்னிப்பு, விளக்கம் என்று வழியெல்லாம் யோசித்துவந்த எதுவும் வாயில் வரவில்லை. விரலால் காட்டினாள். "இது எண்பத்தெட்டு. இங்க நாலு. இது எண்பத்தொன்பது. இந்த வரிக்கு எண் இல்லை பாருங்க சார். இது இந்த நாலோட மிச்சம். அணை அலுவலகத்தைப் பத்தினது. உங்களோடது இது, ஒண்ணு. 'நாள்தோறும் காலையில் பாலத்தின் மூன்றாம் தூணில் நேரில் பார்த்துக் குறித்தவை.'"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். மேலே எண்ணைப் பார்த்தார், கீழே குறிப்பைப் பார்த்தார். மறுபடி மேலே போனார். மாணவர்களின் ஆய்வேட்டைத் திருத்துகிறவர் மாதிரி நான்கு குறிப்புகளையும் நிதானமாகச் சரிபார்த்தார். கடைசியில் முதல் குறிப்பின் மேல் விரலை வைத்து மெதுவாக வாய்விட்டுப் படித்தார்.

"அப்ப நான் போயிருக்கேன்," என்றார்.

"போயிருக்கீங்க சார்."

"ஏங்க, நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது," என்றாள் மனைவி வாசற்படியிலிருந்து. "அது கேக்கலை. இந்தத் துண்டுக் காகிதம் சொன்னதும் கேக்குதா?"

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. தாளைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். வெகுநேரம் அப்படியே இருந்தார். விரிவுரையாளர் பயந்துபோய் மனைவியைப் பார்த்தாள்.

"சார்?"

"நம்பறேன்மா. எண்ணும் சரியா இருக்கு, குறிப்பும் சரியா இருக்கு. நம்பாம என்ன." கண்ணைத் திறந்தார். "முன்னெல்லாம் கண்ணை மூடினா அந்தத் தண்ணி தெரியும். தூண்ல நான் போட்ட கோடு தெரியும், எந்தக் கோடு வரைக்கும் நனைஞ்சிருக்குன்னு தெரியும். நீ பேசினதுக்கப்புறம், அது வரும்போதெல்லாம் பொய், பொய்னு நானே துரத்தினேன். பொய்யா இருந்தா வரக்கூடாதில்லையா? இப்ப கூப்பிடறேன், வரமாட்டேங்குது. இந்தப் பக்கம்தான் தெரியுது."

அவள் கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட்டாள், துறையில் நாளைக்கே எழுந்து நின்று தப்பு என்னுடையது என்று சொல்வாள், மறுபதிப்புக்காகத் துறைத்தலைவரோடு மல்லுக்கு நிற்பாள். இதைத் திரும்ப வாங்கிக் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. அவள் அழுதாள். அவளை அந்த அம்மாள் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. நாற்காலியை இழுத்துக் கணவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"கேளுங்க," என்றாள். "முதல் வருஷம் மழை சீக்கிரமே வந்துடுச்சு. ரெண்டாவது கோடு முழுகிப்போச்சு. படியில பாசி, நீங்க வழுக்கி விழுந்து, பென்சில் ஆத்தோட போச்சு. திரும்பி வந்து வேற பென்சில் எடுத்துக்கிட்டு மறுபடி போனீங்க."

"நீ பார்த்தியா?"

"நான் எங்க பார்த்தேன்? ஒரு நாள்கூட என்னைக் கூட்டிக்கிட்டுப் போனதில்லை. நீங்க வந்து சொன்னதுதான். தினமும் வந்து சொல்வீங்க."

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, "சரி, சொல்லு," என்றார்.